‘டிலீட்’ எங்கே இருக்கிறது? கணக்கை நீங்களே மூட ஒரு வழிகாட்டி

பேஸ்புக்கில் புதிதாகக் கணக்குத் தொடங்குபவர் எதையும் தேட வேண்டியதில்லை. செயலியைத் திறந்ததும் முதல் திரையிலேயே அதற்கான பொத்தான் நிற்கிறது. அதே கணக்கை நிரந்தரமாக நீக்க நினைப்பவரோ "Settings & privacy", "Settings", "Accounts Centre", "Personal details", "Account ownership and control" என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போக வேண்டும். அதற்குப் பிறகுதான் "Deactivation or deletion" என்ற வரி வருகிறது. அழிப்பது என்ற பேச்சே அந்தக் கடைசி வரியில்தான் முதன்முதலாக எழுகிறது.

கண் தெரிந்தவருக்கே இது அலுப்பூட்டும் பாதை. ஆனால் அவர் ஒரு திரை முழுவதையும் ஒரே பார்வையில் மேய்ந்து, வேண்டாததை ஒதுக்கிவிட முடியும். திரைவாசிப்பான் வைத்திருப்பவர் ஒவ்வொரு வரியாகக் கேட்டுத்தான் நகர முடியும். எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவரின் திரையில் ஒரே நேரத்தில் நாலைந்து வரிகள்தான் நிற்கும். இருவருக்கும் எந்தப் பெயருக்குள் எது இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் வழி சுருங்கும்.

இந்த இடத்தில் பலர் செய்வது, போனை அருகில் இருப்பவர் கையில் கொடுத்து, "தம்பி, இந்த அக்கவுண்ட்டை மட்டும் எடுத்து விட்டுடு" என்று சொல்வது. உதவி கேட்பதில் தவறில்லை. ஆனால் கணக்கை அழிக்கும் வேலையில் கடைசியில் கடவுச்சொல் கேட்பார்கள், சில நேரம் ஓடிபியும் கேட்பார்கள். இரண்டையும் இன்னொருவர் கையில் கொடுத்தால், அவர் எதை அழுத்தினார், உண்மையிலேயே அழித்தாரா, தற்காலிகமாக முடக்கிவிட்டு வந்தாரா என்று நமக்குத் தெரியாது. அதே கடவுச்சொல்லை வேறு இடங்களிலும் வைத்திருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. அதனால் இந்த ஒரு வேலையையாவது தானே முடிக்கத் தெரிந்திருப்பது நல்லது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் திரைவாசிப்பானைக் கொண்டு ஒரு பேஸ்புக் கணக்கை அழிப்பதை முதலிலிருந்து கடைசிவரை இங்கே நடந்து பார்ப்போம். பெரிய எழுத்து வைத்திருப்பவர்களுக்கான சிக்கல்கள் அதன்பின் வரும்.

அழிப்பதற்கு முன்

முதலில் முடிவு செய்ய வேண்டியது, முடக்குவதா அழிப்பதா என்பது. முடக்கினால் உங்கள் பக்கம் மற்றவர்கள் கண்ணில் படாது, ஆனால் எல்லாம் அப்படியே இருக்கும். எப்போது உள்ளே நுழைந்தாலும் கணக்கு உயிர் பெற்றுவிடும். மெசஞ்சரையும் தொடர்ந்து பயன்படுத்தலாம். அழித்தால் படங்கள், பதிவுகள், மெசஞ்சர் எல்லாமே போகும். நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பிய செய்திகள் மட்டும் அவர்களின் பெட்டியில் தங்கும்.

அழிப்பதே முடிவென்றால் மூன்று விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் படங்களும் பதிவுகளும் வேண்டுமானால், "Accounts Centre" பகுதிக்குள் உங்கள் தகவல்களைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது. அந்தக் கோப்பு தயாராகச் சற்று நேரமாகும். அது கைக்கு வந்த பிறகே அழிக்கும் வேலையைத் தொடங்குங்கள். அடுத்தது, வேறு செயலிகளில் பேஸ்புக் கணக்கைக் கொண்டு நுழைந்திருக்கிறீர்களா என்பது. நுழைந்திருந்தால் அவற்றில் மின்னஞ்சலோ போன் எண்ணோ கொண்டு நுழையும்படி முதலிலேயே மாற்றிவிட வேண்டும். கடைசியாக, சங்கத்துக்கோ கடைக்கோ ஒரு பக்கம் நடத்துகிறீர்கள், அதன் முழுக் கட்டுப்பாடும் உங்கள் ஒருவரிடம்தான் இருக்கிறது என்றால், கணக்கோடு அந்தப் பக்கமும் போய்விடும். இன்னொருவருக்கு முழு உரிமை கொடுத்த பிறகே மேலே போங்கள்.

கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்பதையும் இப்போதே உறுதிசெய்யுங்கள். போனில் பல வருடங்களாகத் தானாகவே நுழைந்து பழகியவர்களுக்குக் கடைசிப் படியில்தான் கடவுச்சொல் மறந்துபோனது தெரியவரும். அந்த நேரத்தில் அதை மாற்றப் போனால், வந்த வழியெல்லாம் மறுபடி நடக்க வேண்டியிருக்கும்.

வரி வரியாக நடக்காமல், பெயரைத் தேடிப் பிடிப்பது

டாக்பேக்கில் வலப்பக்கம் விரலால் தள்ளினால் அடுத்த உருப்படி, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது, இருமுறை தட்டினால் அது திறக்கும். இந்த மூன்று சைகைகளோடு மட்டும் பேஸ்புக் அமைப்புகளில் இறங்கினால் கை ஓய்ந்துவிடும். அங்கே நட்பு, அறிவிப்பு, விளம்பரம், வீடியோ என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. அதைக் குறுக்கே வெட்டிப் போக மூன்று வழிகள் உண்டு.

எளிதானது பேஸ்புக்கே தரும் தேடல் பெட்டி. மெனுவைத் திறந்து "Settings & privacy", அதற்குள் "Settings" போனால், அந்தத் திரையின் மேற்பகுதியில் அமைப்புகளுக்குள் தேடுவதற்கான பெட்டி இருக்கும். அதில் deletion என்று தட்டச்சு செய்து, கீழே வரும் முடிவுகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நாம் தேடும் வரி கிடைத்துவிட்டால் நடுவில் இருக்கும் எல்லாப் படிகளும் மிச்சம்.

அந்தப் பெட்டி கைகொடுக்கவில்லை என்றால், டாக்பேக்கில் இருக்கும் திரைத் தேடலைப் பயன்படுத்தலாம். புதிய போன்களில் மூன்று விரல்களால் ஒருமுறை தட்டினால் டாக்பேக் மெனு திறக்கும். பழையவற்றில் விரலைக் கீழே இழுத்து, எடுக்காமல் அப்படியே வலப்பக்கம் திருப்ப வேண்டும். அந்த மெனுவில் திரையில் தேடும் வசதி இருக்கிறது. அங்கே தேடும் சொல்லை முழுதாக அடிக்க வேண்டாம், Accounts என்று மட்டும் அடித்தால் போதும். மொழி அமைப்பு பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தால் "Accounts Centre", அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் "Accounts Center" என்று எழுத்து மாறும். முழுப் பெயரையும் அடித்தால் அந்த ஓர் எழுத்து இடமாற்றத்தாலேயே ‘கிடைக்கவில்லை’ என்று வந்துவிடலாம். தேடியது கிடைக்காவிட்டால் இரண்டு விரல்களால் திரையைக் கீழே உருட்டிவிட்டு மறுபடி தேடுங்கள். அந்த வரி இன்னும் திரைக்கே வராமல் இருந்திருக்கலாம்.

மூன்றாவது வழி, தாவித் தாவிப் போவது. டாக்பேக்கில் வாசிப்பு முறையை மாற்றி ‘தலைப்புகள்’ அல்லது ‘கட்டுப்பாடுகள்’ என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறை கீழே தள்ளும்போதும் நடுவில் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு அடுத்த தலைப்புக்கோ அடுத்த பொத்தானுக்கோ போகும். ஐபோனில் வாய்ஸ்ஓவர் வைத்திருப்பவர்கள் இரண்டு விரல்களைத் திரையில் வைத்துத் திருகி இதே மாற்றத்தைச் செய்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு குறுக்குவழியும் உண்டு. இரண்டு விரல்களால் மூன்று முறை தட்டினால் திரையில் உள்ள எல்லாவற்றின் பட்டியலும் திறக்கும், அதற்குள்ளேயே தேடலாம்.

"Accounts Centre" திறந்ததும் "Personal details", அதற்குள் "Account ownership and control", அதற்குள் "Deactivation or deletion". இந்த மூன்று பெயர்களையும் வரிசையாக மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். நிறுவனங்கள் இந்தப் பெயர்களை அவ்வப்போது மாற்றுவது வழக்கம்தான். ஆனால் மாறினாலும் அழிக்கும் வசதி பெரும்பாலும் தனிப்பட்ட விவரங்கள், கணக்கு, தனியுரிமை ஆகிய மூன்று தலைப்புகளில் ஒன்றுக்குள்தான் இருக்கும். விளம்பரம், அறிவிப்பு போன்றவற்றில் நேரம் செலவிட வேண்டாம்.

வழியில் ‘பெயரிடப்படாத பொத்தான்’ என்று டாக்பேக் சொல்லும் இடங்கள் வரலாம். திரையில் ஒரு அம்புக்குறியோ பெருக்கல் குறியோ இருக்கும், ஆனால் அதன் பெயரை நிரலில் எழுத மறந்திருப்பார்கள். அப்படி ஒன்று வந்தால் உடனே தட்டிவிடாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதைக் கேளுங்கள். திரையின் இடது மேல் மூலையில் முதல் உருப்படியாக வந்தால் அது பெரும்பாலும் பின்னால் போகும் அம்புக்குறி. அது என்ன என்று ஒருமுறை தெரிந்துகொண்டால், டாக்பேக் மெனுவிலேயே அதற்கு நீங்களே ஒரு பெயர் வைத்துவிடலாம். அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லியே வாசிக்கும்.

தட்டுவதற்கு முன் நிலையைக் கேட்பது

"Deactivation or deletion" திறந்ததும், எந்தக் கணக்கு என்று கேட்கும். இன்ஸ்டாகிராமையும் பேஸ்புக்கையும் இணைத்து வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் இங்கே பட்டியலாக வரும். பெயர் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கக்கூடும். அதனால் பெயரை மட்டும் கேட்டுவிட்டுத் தட்டாமல், எந்தத் தளம் என்பதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

அடுத்த திரைதான் இந்த வேலையிலேயே அதிகம் தவறு நடக்கும் இடம். முதலில் "Deactivate account", அதன் கீழே "Delete account" என இரண்டு தெரிவுகள். "Delete account" வரியில் இருமுறை தட்டினால் அது தேர்வாகும், பக்கம் மாறாது. அந்தத் தேர்வுக்குப் பிறகு கீழே இருக்கும் "Continue" பொத்தானைத் தட்ட வேண்டும். தேர்வு செய்யாமலேயே, அல்லது தட்டியது சரியாகப் பதியாமலேயே, "Continue" போய்விட்டால், முடக்கும் பாதையில் நடந்துவிடுவீர்கள். அந்தப் பாதையிலும் காரணம் கேட்பார்கள், கடவுச்சொல் கேட்பார்கள், முடிவில் வெளியேற்றுவார்கள். அழித்துவிட்டோம் என்று நம்பி எழுந்துவிடலாம். கணக்கோ அப்படியே கிடக்கும்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, தட்டிய பிறகு அதே வரிக்குத் திரும்பி நின்று கேட்பது. ‘தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்றோ "selected", "checked" என்றோ நிலையைச் சொன்னால்தான் அது பதிந்திருக்கிறது. மேலே உள்ள "Deactivate account" வரிக்கும் போய், அது தேர்வாகவில்லை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நிலையையே சொல்லாமல் பெயரை மட்டும் வாசித்தால், அந்தச் செயலி தன் தெரிவுப் பொத்தானைத் திரைவாசிப்பானுக்குப் புரியும்படி கட்டவில்லை என்று பொருள். அப்போது "Continue" அழுத்திய பிறகு வரும் பக்கத்தின் தலைப்பை வைத்து, எந்தப் பாதையில் இருக்கிறோம் என்று கண்டுகொள்ள வேண்டும். அதில் "delete" வராவிட்டால் பின்னால் திரும்பிவிடுங்கள்.

கூகுள் கணக்கை அழிக்கும்போதும் இதேபோன்ற இடம் உண்டு. உலாவியில் கீழே உள்ள முகவரியைத் திறந்தால் நேராக அந்தப் பக்கத்துக்கே போகலாம்.

```
https://myaccount.google.com/deleteaccount
```

அந்தப் பக்கம் நீளமானது. என்னென்ன போய்விடும் என்ற விவரமெல்லாம் முடிந்து, அடியில் இரண்டு சதுரக் கட்டங்கள் இருக்கும். இரண்டிலும் குறியிட்டால்தான் அழிக்கும் பொத்தான் வேலை செய்யும். ஒன்றை விட்டுவிட்டால் எத்தனை முறை தட்டினாலும் எதுவும் நடக்காது. ஏன் நடக்கவில்லை என்றும் சில நேரம் காதில் விழாது. அதனால் ‘குறியிடப்பட்டது’ என்ற சொல் இரண்டு முறை கேட்ட பிறகே பொத்தானுக்குப் போங்கள். ஜிமெயில், படங்கள், போனில் வாங்கிய செயலிகள் எல்லாமே இந்தக் கணக்கில் தொங்குகின்றன என்பதால், அதைத் தொடுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பது நல்லது.

காரணம், கடவுச்சொல், கடைசிப் பொத்தான்

மறுபடி பேஸ்புக்குக்கு வருவோம். "Continue" தட்டியதும் ஏன் போகிறீர்கள் என்று ஒரு பட்டியல் வரும். அதன்பின் அழிக்காமல் வேறு என்ன செய்யலாம் என்ற யோசனைகள், தகவலைத் தரவிறக்கும் அழைப்பு என்று சில பக்கங்கள் வரலாம். இவற்றில் எதையும் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பட்டியல் நடுவில் நின்று குழம்பாமல், திரையின் அடியில் விரலை வைத்துத் தடவினால் "Continue" நேரே கிடைக்கும். டாக்பேக்கில் வரிசையாக நகர்வது மட்டுமே வழி என்று இல்லை. திரையில் விரலை மெல்ல நகர்த்தினால், விரலுக்கு அடியில் இருப்பதை அது வாசிக்கும். முதன்மையான பொத்தான்கள் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும் என்பதால் இந்தப் பழக்கம் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

கடவுச்சொல் பெட்டி வந்ததும் காதில் இயர்போனை மாட்டிக்கொள்ளுங்கள். டாக்பேக் அமைப்புகளில், இயர்போன் மாட்டியிருக்கும்போது மட்டும் கடவுச்சொல் எழுத்துகளை உரக்கச் சொல்லும்படி வைக்கலாம். பக்கத்தில் யாராவது எட்டிப் பார்ப்பார்களோ என்று தோன்றினால், டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதியை எடுத்து முழுத் திரையையும் கருப்பாக்கிவிடலாம். ஐபோனில் மூன்று விரல்களால் மூன்று முறை தட்டினால் இதே திரைச்சீலை விழும். நீங்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்வீர்கள், மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது.

ஓடிபி கேட்டால் பதற வேண்டாம். இரண்டு விரல்களால் திரையின் உச்சியிலிருந்து கீழே இழுத்து அறிவிப்புகளைத் திறந்தால் எண் அங்கே இருக்கும். பல போன்களில் அந்த அறிவிப்பிலேயே எண்ணை நகலெடுக்கும் பொத்தானும் வரும். எழுத்து எழுத்தாக வாசிக்கும் முறைக்கு மாறி எண்ணைக் கேட்டால் தவறாது. படத்தில் உள்ள எழுத்தை அடிக்கச் சொல்லும் சோதனை வந்தால், ஒலி வழியாகக் கேட்கும் மாற்று வழியைத் தேடுங்கள். அந்தச் சோதனைகள் பலவற்றில் ஒலிக்கென்று தனிப் பொத்தான் உண்டு.

கடைசித் திரையில் மறுபடி "Delete account" என்ற பொத்தான் வரும். அதைத் தட்டும்வரை நடந்தது எதுவும் கணக்கில் சேராது. கடவுச்சொல் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து இந்த இடத்தில் செயலியை மூடிவிடுவது பலருக்கு நடப்பதுதான்.

முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது

பொத்தானைத் தட்டியதும் திரையில் ஒரு சின்னச் செய்தி சில நொடிகள் மட்டும் தோன்றி மறையலாம். திரைவாசிப்பானுக்கு அதைச் சொல்லும்படி கட்டவில்லை என்றால் அது காதில் விழாமலே போகும். இணையப் பக்கங்களை எல்லோருக்கும் ஏற்றதாக அமைப்பதற்கு டபிள்யூசிஏஜி என்ற உலகத் தரநெறி இருக்கிறது. பக்கம் மாறாமல் தோன்றும் இத்தகைய செய்திகளைத் திரைவாசிப்பான் தானாகவே சொல்லும்படி இருக்க வேண்டும் என்பது 2018-இல் வந்த அதன் 2.1 பதிப்பிலேயே விதியாகச் சேர்க்கப்பட்டது. விதி இருந்தும் பின்பற்றாத செயலிகள் ஏராளம். அதனால் எதுவும் கேட்கவில்லை என்பதை வெற்றி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, தோல்வி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. திரையின் உச்சிக்குப் போய் முதலிலிருந்து வாசிக்க விடுங்கள். நுழைவுப் பக்கம் வந்திருந்தால் வெளியேற்றியிருக்கிறார்கள். பழைய அமைப்புகள் பக்கமே இருந்தால் அழுத்தியது பதியவில்லை. கணக்கோடு இணைந்த மின்னஞ்சலுக்கு ஏதாவது செய்தி வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேஸ்புக் கணக்கு உடனே அழிந்துவிடாது. 30 நாட்களுக்குள் மனம் மாறினால் திரும்ப நுழைந்து ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு அவர்களின் கணினிகளிலிருந்து எல்லாத் தகவல்களும் போக 90 நாட்கள்வரை ஆகலாம் என்று நிறுவனமே சொல்கிறது. இன்ஸ்டாகிராமிலும் இதே 30 நாள் கணக்குதான். இந்த நாட்களில், அழிந்ததா என்று பார்ப்பதற்காக உள்ளே நுழையாதீர்கள். நுழைந்ததும் வரும் திரையில் ரத்து செய்யும் பொத்தான்தான் முன்னால் நிற்கும். கை தவறினால் கணக்கு திரும்பிவிடும். போனிலிருந்து செயலியையும் எடுத்துவிடுங்கள். வேறு போன், வேறு கம்ப்யூட்டர் எதிலாவது நுழைந்த நிலையில் விட்டிருந்தால் அங்கேயும் வெளியேறிவிடுங்கள். சந்தேகம் இருந்தால், தெரிந்தவர் ஒருவரை அவருடைய கணக்கிலிருந்து உங்கள் பெயரைத் தேடிப் பார்க்கச் சொல்லலாம். முடக்கிய கணக்கும் கண்ணில் படாது என்பதால் இதுவே முழு ஆதாரம் ஆகாது. ஆனால் பெயர் கிடைத்துவிட்டால் வேலை நடக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

கம்ப்யூட்டரில் செய்பவர்களுக்கு

செயலி ஒத்துழைக்காதபோது அதே வேலையை உலாவியில் செய்வது பெரும்பாலும் எளிது. விண்டோஸில் பலர் பயன்படுத்தும் என்விடிஏ, 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்டு இன்றுவரை இலவசமாகக் கிடைக்கும் திரைவாசிப்பான். அதில் Insert அல்லது Caps Lock விசையோடு F7 அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள், தலைப்புகள், பொத்தான்கள் எல்லாம் தனித்தனிப் பட்டியலாக வரும். வடிகட்டும் பெட்டியில் delet என்று அடித்தால் "delete", "deletion" இரண்டுமே சிக்கும். பக்கத்துக்குள் தாவ H தலைப்புக்கு, B பொத்தானுக்கு, X குறியிடும் கட்டத்துக்கு.

இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியது, பக்கத்தின் மேல் திடீரென்று திறக்கும் சிறு பெட்டிகள். அழிக்கும் பொத்தானை அழுத்தியதும் "dialog" என்று கேட்டால் என்விடிஏ அந்தப் பெட்டிக்குள் வந்துவிட்டது. அப்படிக் கேட்காமல் பழைய பக்கத்தின் வரிகளையே வாசித்துக்கொண்டிருந்தால், பெட்டி திறந்தும் நீங்கள் அதன் பின்னால் நிற்கிறீர்கள். Tab விசையை அழுத்திப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் என்விடிஏ விசையோடு F5 அழுத்தினால், பக்கத்தைப் புதிதாக எடுத்து வாசிக்கும். Escape மட்டும் அழுத்தாதீர்கள், பெட்டியே மூடிவிடும்.

பெரிய எழுத்தில் பொத்தான் காணாமல் போகும்போது

ஓரளவு பார்வை உள்ளவர்களின் சிக்கல் வேறு. எழுத்தைப் பெரிதாக்கினால் எழுத்து வளரும், ஆனால் அதற்கென்று கட்டிய பெட்டி சில செயலிகளில் வளராது. உறுதிப்படுத்தும் பெட்டியில் இருக்கும் இரண்டு பொத்தான்களில் கீழே உள்ளது திரைக்கு வெளியே தள்ளப்பட்டுவிடும். அந்தப் பெட்டி உருட்டவும் முடியாததாக இருந்தால், அழிக்கும் பொத்தானே இல்லை என்று தோன்றும். வாக்கியம் பாதியில் முடிவது, வரியின் முடிவில் மூன்று புள்ளிகள் வருவது, பொத்தானின் மேல் விளிம்பு மட்டும் தெரிவது ஆகியவை இதற்கான அடையாளங்கள்.

அப்போது முதலில் போனைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பாருங்கள். வரிகள் அகலமாகி உயரம் குறைவதால் சில நேரம் பொத்தான் உள்ளே வந்துவிடும். அதற்கும் வராவிட்டால் ஆண்ட்ராய்டு அமைப்புகளில் எழுத்தின் அளவும் திரையின் அளவும் தனித்தனியாக இருப்பதைக் கவனியுங்கள். முன்னது எழுத்தை மட்டும் பெரிதாக்கும். பின்னது படம், பொத்தான், இடைவெளி எல்லாவற்றையும் பெரிதாக்கும். இரண்டையும் உச்சத்தில் வைத்திருந்தால் திரையின் அளவை மட்டும் இயல்புக்குக் கொண்டுவாருங்கள். எழுத்து பெரிதாகவே இருக்கும், பொத்தானுக்கும் இடம் கிடைக்கும். அப்படியும் சரியாகாத ஒரு பக்கத்துக்கு, எழுத்தைச் சற்று நேரம் சிறிதாக்கிவிட்டு உருப்பெருக்கி வசதியை இயக்குவதே நல்லது. அது திரையை அப்படியே பெரிதாக்கிக் காட்டுமே தவிர, பக்கத்தின் அமைப்பைக் கலைக்காது.

உருப்பெருக்கியில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது திரையின் ஒரு மூலை, புதிதாகத் திறந்த பெட்டி இருப்பது நடுவில். அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றினால், மறுபடி அழுத்துவதற்கு முன் பெருக்கத்தைக் குறைத்து முழுத் திரையையும் ஒருமுறை பாருங்கள். நிறத்தையும் நம்பிவிடக் கூடாது. கணக்கை வைத்துக்கொள்ளச் சொல்லும் பொத்தான் பளிச்சென்ற நிறத்திலும், அழிக்கும் பொத்தான் மங்கிய சாம்பல் எழுத்திலும் இருப்பதைப் பல செயலிகளில் காணலாம். எழுத்தின் நிற வேறுபாட்டைக் கூட்டும் வசதி ஆண்ட்ராய்டில் இருக்கிறது. அதோடு, தேர்ந்தெடுத்த இடத்தை மட்டும் வாசித்துக் காட்டும் வசதியை இயக்கிக்கொண்டால், முழுத் திரைவாசிப்பானுக்கு மாறாமலேயே சந்தேகமான பொத்தானைத் தொட்டு அதன் பெயரைக் கேட்டுவிடலாம்.

வழியே இல்லை என்றால்

சில சிறு செயலிகளில் எவ்வளவு தேடினாலும் அழிக்கும் வசதி கிடைக்காது. கணக்குத் தொடங்க விடும் செயலி, அதை அழிக்கும் வசதியையும் செயலிக்குள்ளேயே தர வேண்டும் என்று ஆப்பிள் 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது. கூகுள் பிளே, செயலிக்குள் மட்டுமல்லாமல் இணையத்திலும் ஒரு வழி இருக்க வேண்டும் என்கிறது. அந்த இணைய முகவரியைக் கண்டுபிடிக்க, பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய் "Data safety" என்ற தலைப்புவரை தாவி, அதன் விவரங்களைத் திறந்து, தகவல் நீக்கம் பற்றிய பகுதியைக் கேளுங்கள்.

பொத்தான் இருந்தும் திரைவாசிப்பானுக்கு எட்டவில்லை என்றால் அது புகாருக்கு உரிய விஷயம். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இத்தகைய தளங்கள் இந்தியாவில் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு முகவரியையும் வெளியிட வேண்டும். அவர் புகாரை 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, 7 நாட்களுக்குள் முடித்துவைக்க வேண்டும். ‘உங்கள் செயலி எனக்கு வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் பொதுவான ஒரு பதில்தான் வரும். எந்தப் போன், எந்தத் திரைவாசிப்பான், எந்தத் திரைவரை போக முடிந்தது, அங்கே என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று எழுதுங்கள். கூடவே, உங்கள் கணக்கை அழித்துவிட்டு எழுத்தில் உறுதி தரும்படியும் கேளுங்கள்.

அந்தக் கடிதத்தில் துணைக்கு எடுத்துக்கொள்ள ஒரு தீர்ப்பும் ஒரு சட்டமும் இருக்கின்றன. மின்னணு வசதிகளை எட்டுவது, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. பார்வையற்றவர்களும் அமிலத் தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களும் மின்னணு வழியில் தங்கள் அடையாளத்தை உறுதிசெய்ய முடியாமல் தவிப்பது பற்றிய வழக்கு அது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைத் தருவது எவ்வளவு எளிதோ அதற்கு ஒப்பான எளிமையோடு அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. சேரும்போது முதல் திரையில் பெயரோடும் பெரிய எழுத்தோடும் ஒரு பொத்தானை வைக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு, விலகும்போதும் அதே பொத்தானை வைப்பது தொழில்நுட்பத்தில் கடினமான வேலை அல்ல. புகார் எழுதும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டியது அதைத்தான்.